ஈயம் நழுவும் இடம்

வேதியியல் செய்முறைத் தேர்வில் உங்களுக்கு வந்த வெள்ளை உப்பு லெட் நைட்ரேட் என்று வைத்துக்கொள்வோம். உலர்ந்த சோதனைக்குழாயில் சூடாக்கினால் படபடவென வெடித்துப் பழுப்புநிற வாயு கிளம்பும். அது நைட்ரேட் இருப்பதற்கான அறிகுறி. அடியில் தங்கும் தூள் ஆறியதும் மஞ்சளாகும், ஈயமாக இருக்கலாம். இவை ஊகங்கள்தான்.

அடுத்து, உப்பை நீரில் கரைத்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்க்கிறோம். வெள்ளை வீழ்படிவு வந்தால் அது முதல் தொகுதி: வெள்ளி, ஈயம், அல்லது ஒற்றை இணைதிற பாதரசம். வீழ்படிவை நீரில் கொதிக்கவைத்தால் மற்ற இரண்டும் கரையாது. ஈயக் குளோரைடு கரைந்துவிடும். அந்தச் சூடான கரைசலில் பொட்டாசியம் அயோடைடு விட்டால் மஞ்சள் வீழ்படிவு. சூட்டில் கரைத்து ஆறவிட்டால் பொன் துகள்களாக மின்னும். உறுதிச் சோதனைகளில் இவ்வளவு அழகானது வேறில்லை என்பேன்.

சிக்கலும் இதே கரைதிறனால்தான். ஈயக் குளோரைடு குளிர்ந்த நீரிலும் லிட்டருக்குப் பத்து கிராம் அளவுக்குக் கரையும். கரைசல் சூடாகவோ மிக நீர்த்தோ இருந்தால் வீழ்படிவே தெரியாது. மாணவர் முதல் தொகுதி இல்லை என்று எழுதிவிடுவார். பிறகு ஹைட்ரஜன் சல்பைடு செலுத்தும்போது ஈயம் இரண்டாம் தொகுதியில் கறுப்பு வீழ்படிவாக வந்து நிற்கும். தாமிரமும் கறுப்பாகத்தான் விழும். ஆனால் அதன் உப்புக் கரைசல் பெரும்பாலும் நீலமாகவோ பச்சையாகவோ இருக்கும். நிறமற்ற கரைசலிலிருந்து கறுப்பு வந்தால், ஈயத்தையும் சந்தேகப்பட்டு, மூலக் கரைசலில் பொட்டாசியம் அயோடைடு விட்டுப் பார்க்க வேண்டும்.