ஒரு படகுப் பலகையின் வயது

எகிப்து நாட்டில், நைல் நதிக்கு மேற்கே தஹ்ஷூர் என்றோர் இடம் உண்டு. அங்கே மூன்றாம் செனுஸ்ரெட் என்னும் மன்னனின் பிரமிட்டுக்கு அருகே 1894 ஆம் ஆண்டில் பிரெஞ்சுத் தொல்லியலாளர் ஜாக் டி மோர்கன் அகழ்வு செய்தபோது, மணலுக்கடியிலிருந்து சில மரப் படகுகள் வெளிப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறத்தாழப் பத்து மீற்றர் நீளமானது. அவற்றுள் ஒன்று பிற்காலத்தில் அமெரிக்காவின் சிக்காகோ நகரிலுள்ள பீல்ட் நூதனசாலையைச் சென்றடைந்தது.

அதே நகரின் பல்கலைக்கழகத்தில் வில்லர்ட் லிபி என்ற இரசாயனவியலாளர், மரத்தின் வயதை மரத்திடமே கேட்டறியும் ஒரு வழியை 1940களின் பிற்பகுதியில் உருவாக்கிக்கொண்டிருந்தார். வழி சரியானதா என்று சோதிக்க, வயது ஏற்கெனவே தெரிந்த மரம் தேவைப்பட்டது. எகிப்திய மன்னர் வரிசையைக் கொண்டு அந்தப் படகுக்கு ஏறத்தாழ 3750 வயது என்று வரலாற்றாசிரியர்கள் சொல்லியிருந்தனர். எனவே, படகின் மேல்தளப் பலகையில் ஒரு துண்டு அவரது ஆய்வுகூடத்துக்கு வந்தது.

மரத்துக்குள் வயது எப்படிப் பதிவாகிறது? விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் வளிமண்டலத்தைத் தாக்கும்போது நியூத்திரன்கள் வெளிப்படுகின்றன. அவை நைதரசன் அணுக்களோடு மோத, காபன்-14 என்ற சமதானி உண்டாகிறது. அது ஒட்சிசனோடு சேர்ந்து காபனீரொட்சைட்டாகிக் காற்றில் கலக்கிறது. இலைகள் ஒளித்தொகுப்பின்போது சாதாரணக் காபனோடு இதையும் உள்ளெடுக்கின்றன. ஆகவே மரம் புதிதாக வளர்க்கும் ஒவ்வொரு வளையத்திலும், அன்றைய காற்றில் இருந்த விகிதத்திலேயே காபன்-14 இருக்கும்.

சாதாரணக் காபன் நிலையானது, காபன்-14 நிலையற்றது. அதன் அணு ஒரு இலத்திரனை வெளிவிட்டு மீண்டும் நைதரசனாகிவிடுகிறது. வளையம் ஒன்று உருவாகி முடிந்தபின் அதற்குள் புதிய காபன் சேர்வதில்லை. அன்றிலிருந்து காபன்-14 குறைந்துகொண்டே போகிறது. இப்போது எவ்வளவு மீதியிருக்கிறது என்று அளந்தால், குறையத் தொடங்கி எவ்வளவு காலமாயிற்று என்று கணிக்கலாம்.

அளப்பதுதான் கடினமான வேலை. உயிருள்ள மரத்தின் ஒரு கிராம் காபனில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 அணுக்கள் மட்டுமே சிதைகின்றன. லிபி மரத்துண்டை எரித்துக் காபனீரொட்சைட்டாக்கி, அதிலிருந்து தூய கரியைப் பிரித்தெடுத்து, எண்ணும் கருவியின் உட்சுவரிலே பூசினார். ஆனால் கரியே இல்லாதபோதும் அக்கருவி நிமிடத்துக்குச் சில நூறு துடிப்புகளைக் காட்டியது. சூழலிலும் விண்ணிலுமிருந்து வரும் கதிர்களே அதற்குக் காரணம். தடித்த இரும்புச் சுவர்களால் கருவியைச் சூழ்ந்தார். அதற்கும் உள்ளே, கருவியைச் சுற்றி வளையமாகக் கைகர் எண்ணிகளை வைத்தார். வெளியிலிருந்து ஊடுருவும் கதிர் அந்த வளையத்தையும் கடந்தே வரவேண்டும். இரண்டிலும் ஒரே கணத்தில் துடிப்புத் தோன்றினால் அது கணக்கில் சேர்க்கப்படாது. இவ்வாறு வேண்டாத துடிப்புகள் நிமிடத்துக்கு ஐந்து அளவுக்குக் குறைந்தன.

படகுப் பலகைக்கு லிபி வெளியிட்ட வயது 3621 ஆண்டுகள். இவ்விடையிலிருந்து பின்னோக்கிக் கணித்தால், பலகையில் எஞ்சியிருந்த காபன்-14 ஆரம்ப அளவில் ஏறத்தாழ 63.7 சதவீதம் என்று தெரிகிறது. இப்பின்னத்திலிருந்து வயதுக்கு எப்படிச் செல்வது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

லிபி பயன்படுத்திய அரைவாழ்வுக்காலம் 5568 ஆண்டுகள். அதாவது அக்காலத்தில் பாதி அழிந்துவிடும். நம் கையில் இருப்பது பாதியைவிட அதிகம். எனவே வயது 5568 ஐ விடக் குறைவு என்பது உடனே புரிகிறது. எவ்வளவு குறைவு? 50 சதவீதம் அழிய 5568 ஆண்டுகள் என்றால், 36.3 சதவீதம் அழிய 4042 ஆண்டுகள் என்று நேர்விகிதத்தில் கணக்கிடத் தோன்றும். அது பிழை. ஒவ்வோர் ஆண்டும் அழிவது அப்போது எஞ்சியிருப்பதில் ஒரு குறித்த பங்கு. தொடக்கத்தில் இருப்பு அதிகம், ஆகவே அழிவும் அதிகம். போகப்போக இரண்டும் குறைகின்றன. எனவே முதல் 36.3 சதவீதம் அழிய, நேர்விகிதக் கணக்கு காட்டுவதைவிடக் குறைந்த காலமே போதும். இதற்குரிய சூத்திரம் இயற்கை மடக்கையைக் கொண்டது:

t = (5568 ÷ 0.6931) × ln(1 ÷ 0.637)

அடைப்புக்குள் இருப்பதை வகுத்தால் ஏறத்தாழ 8033 வரும். 1 ஐ 0.637 ஆல் வகுத்து, அதன் இயற்கை மடக்கையைக் கண்டால் 0.451. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 3620 ஆண்டுகள்.

வரலாறு 3750 என்கிறது. மரம் 3620 என்கிறது. வழி தவறிவிட்டதா? லிபி தம் விடையை 3621 ± 180 என்றே எழுதினார். அணுச் சிதைவு தற்செயலாக நிகழ்வது. ஒரே மாதிரியை இருமுறை எண்ணினாலும் ஒரே எண் வராது. சூத்திரத்தின்படி, பின்னத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு வழு ஏற்பட்டால் வயதில் 80 ஆண்டுகள் மாறும். 180 ஆண்டு என்பது நூற்றுக்கு இரண்டுக்குச் சற்று அதிகமான வழு. 130 ஆண்டு வித்தியாசம் இந்த எல்லைக்குள்ளேயே அடங்குகிறது. ஆகவே படகு சோதனையில் தேறியது. ± குறியையும் அதன் பின்னுள்ள எண்ணையும் விட்டுவிட்டு ‘3621 வயது’ என்று மட்டும் சொன்னால், மரம் சொல்லாத ஒன்றைச் சொன்னதாகிவிடும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. இந்த வயது எதனுடையது? படகு கட்டப்பட்ட நாளினதா? இல்லை. துண்டிலுள்ள வளையங்கள் வளர்ந்த காலத்தினது. இப்படகுகள் தேவதாரு மரத்தால் ஆனவை. அது பல நூறாண்டுகள் வாழக்கூடியது. அடிமரத்தின் நடுவிலுள்ள வளையங்கள், மரம் வெட்டப்படும்போதே நூற்றாண்டுகள் பழையனவாக இருக்கலாம். பழைய பலகையைப் புதிய வேலைக்குப் பயன்படுத்துவதும் வழக்கம். ஆதலால் இத்தகைய பொருளில் கிடைக்கும் விடை, பொருளின் உண்மை வயதைவிடக் கூடுதலாக இருக்க இடமுண்டு. பட்டைக்கு அருகிலுள்ள வெளி வளையம் கிடைத்தால் ஆய்வாளர்கள் அதையே விரும்பித் தேர்வதற்குக் காரணம் இதுதான்.

லிபியின் கணக்கில் ஓர் எடுகோள் மறைந்திருந்தது: காற்றிலுள்ள காபன்-14 இன் விகிதம் எக்காலத்திலும் மாறவில்லை என்பதே அது. பிற்காலத்தில், கலிபோர்னிய மலைகளில் நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழும் பைன் மரங்களின் வளையங்களை ஒவ்வொன்றாக எண்ணி, அவற்றின் காபனையும் அளந்து பார்த்தார்கள். விகிதம் மாறி வந்திருப்பது தெரியவந்தது. அரைவாழ்வுக்காலமும் 5730 ஆண்டுகள் எனத் திருத்தப்பட்டது. ஆயினும், பழைய விடைகளோடு ஒப்பிட வசதியாக ஆய்வுகூடங்கள் இன்றும் 5568 ஐக் கொண்டே ‘காபன் ஆண்டு’ கணித்து, பின்னர் மர வளைய அட்டவணையின் துணையால் அதை நாட்காட்டி ஆண்டாக மாற்றுகின்றன. நிகழ்காலம் என்பது 1950 என்று வைத்துக்கொள்ளப்படுகிறது.

இந்த அட்டவணைப்படி 3600 காபன் ஆண்டுகள் என்பது ஏறத்தாழ 3900 நாட்காட்டி ஆண்டுகள். மூன்றாம் செனுஸ்ரெட் ஆண்டது கி.மு. 19 ஆம் நூற்றாண்டு. அதாவது 1950 இலிருந்து ஏறத்தாழ 3800 ஆண்டுகளுக்கு முன். லிபியின் ± 180 ஐ நினைவில் வைத்தால், திருத்திய பின்னரும் பலகையும் மன்னர் வரிசையும் முரண்படவில்லை.

லிபிக்கு 1960 இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவருக்குப் பல கிராம் கரி தேவைப்பட்டது. இன்றைய கருவிகள் அணுக்கள் சிதையும்வரை காத்திராமல் காபன்-14 அணுக்களையே நேரடியாக எண்ணுவதால், ஒரு மில்லிகிராம் காபன் போதும். நூதனசாலையிலுள்ள மரச் சிற்பத்திலோ பெட்டியிலோ கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓரத்தில் சிறு சிராய் எடுத்தாலே வேலை முடிந்துவிடும். ஆயினும் அச்சிராய் எந்த வளையத்திலிருந்து வந்தது என்ற கேள்விக்குக் கருவி விடை சொல்லாது. அதை எடுக்கும் கைதான் அறிந்திருக்கவேண்டும்.