என் இடுப்பளவு எது, டாக்டர்?

கோவைக்கு அருகே பம்ப்செட் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றின் மருத்துவ மையத்திலிருந்து, சில மாதங்களுக்கு முன் ஒரு கடிதத்தை எனக்கு அனுப்பி வைத்தார்கள். அங்கு லேத் பிரிவில் பணிபுரியும் 43 வயதுத் தொழிலாளி ஒருவர், ஆண்டுப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்துவிட்டு மையத்துக்கு எழுதிய கடிதம் அது. அவருடைய இசைவோடு, ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விலக்கி, அதன் சாரத்தை இங்கே தருகிறேன்.

“ஐயா, சென்ற ஆண்டு அறிக்கையில் என் இடுப்புச் சுற்றளவு 88 செ.மீ. என்று இருந்தது. இந்த ஆண்டு 94 என்று எழுதி, பக்கத்தில் சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறார்கள். எடை இரண்டு ஆண்டும் 68 கிலோதான். நான் அணியும் பேன்ட் 34 அங்குலம். கணக்குப் போட்டால் 86 செ.மீ.தான் வருகிறது. நான் இருபது ஆண்டுகளாக மைக்ரோமீட்டர் பிடிப்பவன். ஒரே பொருளுக்கு மூன்று அளவு வந்தால், பொருளைத் தள்ளிவிடுவதற்கு முன் அளந்த விதத்தைத்தான் சந்தேகிப்போம். இதில் எந்த எண்ணை நான் நம்ப வேண்டும்? அதை எப்படிப் படிக்க வேண்டும்?”

நியாயமான கேள்வி. இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. இடுப்பளவைப் பற்றிக் கேட்டவர்களை நான் அதிகம் கண்டதில்லை. பதில் எழுதுவதைவிட நேரில் அளந்து காட்டுவது எளிது என்று எண்ணி, ஒரு சனிக்கிழமை காலை வெறும் வயிற்றோடு வரச் சொன்னேன்.

குழப்பத்தின் பாதி நம் மொழியிலேயே இருக்கிறது. அரைஞாண் கட்டும் இடத்தையும் இடுப்பு என்கிறோம். பெண்கள் குடம் சுமக்கும் வளைவையும் இடுப்பு என்கிறோம். தொடை எலும்பு பொருந்தும் மூட்டையும் இடுப்பு என்றே சொல்கிறோம். ஆகவே “இடுப்பை அளக்க வேண்டும்” என்றவுடன் டேப் எங்கே போகும் என்பது அளப்பவரைப் பொறுத்தது. மருத்துவம் அளக்க விரும்புவது உண்மையில் வயிற்றின் சுற்றளவைத்தான். உலக சுகாதார நிறுவனம் கூறும் இடம் இது: பக்கவாட்டில் விரலால் தடவினால் கடைசி விலா எலும்பின் கீழ்விளிம்பு தட்டுப்படும், அதற்குக் கீழே இடுப்பெலும்பின் மேல்விளிம்பு தட்டுப்படும். இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள புள்ளியின் வழியாக டேப் சுற்றி வர வேண்டும். தொப்புளை அடையாளமாகக் கொள்வதில்லை. தொப்பை தளர்ந்தவர்களுக்குத் தொப்புளும் கீழே இறங்கிவிடும், எலும்பு இறங்காது.

அந்தப் புள்ளியில் பேனாவால் குறியிட்டு டேப்பைச் சுற்றினேன். அவர் சிரித்துவிட்டார். “இது இடுப்பே இல்லீங்களே டாக்டர், வயிறுங்களே” என்றார். அதுதான் விஷயம் என்றேன்.

சட்டையைக் கழற்றி, பாதங்களைச் சற்றே அகற்றி, கைகளைத் தளரவிட்டு நிற்க வேண்டும். டேப் தரைக்கு இணையாக, தோலை ஒட்டியிருக்க வேண்டும். சதையை அழுத்தக் கூடாது. முதுகுப்புறம் டேப் சரிந்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. தனியாக அளப்பவர்கள் கண்ணாடி முன் நின்று சரிபார்க்கலாம். பிறகு இயல்பாக மூச்சை விட்டு, அதன் முடிவில் எண்ணைப் படிக்க வேண்டும். டேப்பைக் கண்டதும் வயிற்றை எக்கிக்கொள்வது மனித இயல்பு. அதனால் நான் ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே அளப்பது வழக்கம். இரண்டு முறை அளந்து சராசரி எடுக்கிறோம். இரண்டுக்கும் இடையே ஒரு செ.மீ.க்கு மேல் வேறுபாடு இருந்தால் மீண்டும் அளக்கிறோம்.

அவருக்கு வந்தவை 92.2, 91.8. ஆக 92 செ.மீ.

மற்ற எண்கள் எங்கிருந்து வந்தன? பேன்ட்டின் பெல்ட் நிற்கும் கோட்டில் டேப்பை வைத்தேன், 87 காட்டியது. அவருக்கு மட்டுமல்ல, வயிறு முன்தள்ளிய பெரும்பாலான ஆண்களுக்கு பேன்ட் தொப்பைக்குக் கீழேதான் நிற்கிறது. தொப்பை பெருகப் பெருக பெல்ட் கீழே இறங்குமே தவிர, பேன்ட்டின் எண் மாறாது. பத்து ஆண்டுகளாக அதே 34 என்று நிம்மதியாக இருந்துவிடலாம். தவிர, ஆயத்த ஆடையின் பட்டையில் உள்ள எண் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு விதம். (வேட்டி கட்டுபவருக்கு இந்தப் பொய் எண்கூடக் கிடையாது, எவ்வளவு பெருத்தாலும் வேட்டி இடம் கொடுக்கும்.) சென்ற ஆண்டின் 88, பெல்ட்டை ஒட்டி அளந்ததாக இருக்கலாம். இந்த ஆண்டு சீருடைச் சட்டையின் மேலேயே டேப்பைச் சுற்றியதாக அவர் நினைவுகூர்ந்தார். 94 என்பதில் துணியின் பங்கும் உண்டு. ஆகவே ஓராண்டில் ஆறு செ.மீ. கூடிவிட்டது என்று கூற நமக்கு ஆதாரம் இல்லை. கூடவில்லை என்று கூறவும் இல்லை. வேறு வேறு இடத்தில் அளந்த இரண்டு எண்களைக் கழித்துப் பயனில்லை என்பதை அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சரி, 92 என்பதை எப்படிப் படிப்பது? இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பவை நாம் பின்பற்றும் எல்லைகள். மேலைநாட்டு அட்டவணைகளில் ஆண்களுக்கு 102, பெண்களுக்கு 88 என்று இருக்கும். இணையத்தில் அதைப் பார்த்துத் தேறுதல் அடைந்தவர்கள் உண்டு. நமக்கு எல்லை குறைவாக இருப்பதற்குக் காரணம், ஒரே எடையில் நம் உடலில் கொழுப்பு அதிகமாகவும் தசை குறைவாகவும் இருப்பதே. புனேயின் மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனின் மருத்துவர் யூட்கினும் 2004இல் ‘லான்செட்’ இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டு இதைக் காட்டினார்கள். இருவருக்கும் உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியெண் 22.3 என்று ஒன்றாகவே இருந்தது. உடல் கொழுப்போ யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்.

அந்தக் கொழுப்பு தோலுக்கடியில் மட்டும் இருந்தால் கவலை குறைவு. குடலைச் சுற்றியும் கல்லீரலுக்குள்ளும் சேர்வதுதான் இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. எடை இயந்திரம் இதைக் காட்டாது. நம் நண்பரின் உயரம் 168 செ.மீ., எடை 68 கிலோ. குறியெண் 24 வருகிறது. மேலைநாட்டு அட்டவணைப்படி இயல்பானது. நம் அளவுகோலில் 23ஐத் தாண்டிவிட்டது. கையும் காலும் மெலிந்து வயிறு கூடினால் எடை அப்படியே நிற்கும். டேப் மட்டுமே அதைச் சொல்லும்.

“எங்கள் ஷாஃப்ட்டுக்கு டாலரன்ஸ் உண்டு, அதைத் தாண்டினால் ரிஜெக்ட். 90ஐத் தாண்டினால் நானும் ரிஜெக்ட்டா?” என்று அவர் கேட்டார். உடலில் அப்படிக் கோடு ஏதும் இல்லை. 89க்கும் 91க்கும் இடையே எதுவும் திடீரென்று மாறிவிடுவதில்லை; ஆபத்து சிறுகச் சிறுக ஏறுகிறது. 2009இல் இந்திய மருத்துவ வல்லுநர்கள் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஆண்களுக்கு 78 செ.மீ.யிலேயே (பெண்களுக்கு 72) இனிக் கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும், 90ஐ எட்டினால் (பெண்களுக்கு 80) மருத்துவரைப் பாருங்கள் என்றும் இரண்டு படிகள் வைத்தார்கள். 90 என்பது அடுத்த பரிசோதனைக்கு அனுப்பும் குறி, அவ்வளவே.

இடுப்பளவைத் தனியே படிக்காமல் மற்றவற்றோடு சேர்த்துப் படிக்க நம் மாநிலத்திலேயே ஒரு கருவி உருவாகியிருக்கிறது. சென்னையில் மருத்துவர் வி. மோகன் குழுவினர் 2005இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு ஆபத்து மதிப்பெண் அது. இரத்தம் எடுக்காமலே நான்கு கேள்விகளில் முடிந்துவிடும். அவருக்கே போட்டுப் பார்த்தோம். வயது 35க்கும் 49க்கும் இடையே என்பதால் 20. இடுப்பளவு 90 முதல் 99க்குள் என்பதால் 10. தாய்க்கு நீரிழிவு, பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் 10. உடலுழைப்பில்தான் விவாதம் வந்தது. “எட்டு மணி நேரம் நிற்கிறேனே” என்றார். முன்பு கைலேத்தில் சக்கரம் சுற்றிய காலம் வேறு, இப்போது சி.என்.சி. இயந்திரத்தின் முன் நின்று பார்த்துக்கொள்வதுதான் வேலை. வீட்டுக்கும் ஆலைக்கும் கம்பெனி பஸ். நிற்பது உழைப்பாகாது. 20 போட்டோம். மொத்தம் 60. இந்த அளவுகோலில் 60ம் அதற்கு மேலும் அதிக ஆபத்து. சென்ற ஆண்டின் 88ஐ நம்பியிருந்தால் 50, அதாவது நடுத்தர ஆபத்து என்று வந்திருக்கும். டேப்பை எங்கே வைத்தார்கள் என்பதில் அவ்வளவு அடங்கியிருந்தது.

மதிப்பெண் நோயைக் கண்டறிவதில்லை. யாருக்குப் பரிசோதனை தேவை என்று மட்டும் சொல்கிறது. ஆகவே அன்றே வெறும் வயிற்றிலும், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் இரத்தம் எடுத்தோம். முதலாவது 108, இரண்டாவது 156. வெறும் வயிற்றில் 126, இரண்டாவதில் 200 என்ற நீரிழிவு எல்லைகளை இரண்டும் எட்டவில்லை. ஆனால் 100, 140 என்ற எல்லைகளைத் தாண்டிவிட்டன. நீரிழிவுக்கு முந்தைய நிலை. அவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, இருக்கவும் இருக்காது.

இந்த நிலையில் இருந்த 531 பேரைச் சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் மூன்றாண்டு தொடர்ந்து, 2006இல் முடிவை வெளியிட்டனர். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. நடையையும் உணவையும் சீராக்கியவர்களில் 39 சதவீதம் பேருக்கு. இவர்களின் எடை குறிப்பிடும்படி குறையவில்லை என்பதை நான் நோயாளிகளிடம் அடிக்கடி சொல்வதுண்டு. எடை இறங்கவில்லையே என்று நடையை நிறுத்திவிடுபவர்கள் பலர். நம் நண்பர் பஸ்ஸிலிருந்து இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கி, முப்பது நிமிடம் விரைந்து நடப்பதாக ஏற்றுக்கொண்டார். ஷிப்டுக்கு மூன்று என்றிருந்த சர்க்கரை போட்ட தேநீரும் அதனோடு வந்த பஜ்ஜியும் கேன்டீனிலேயே நின்றன. இரவு ஷிப்டு வாரத்தில் இவை சிரமமாகவே இருக்கின்றன என்று வெளிப்படையாகச் சொல்கிறார்.

ஒரு எச்சரிக்கையையும் சேர்க்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும், வயிற்றில் பெரிய குடலிறக்கம் உள்ளவர்களுக்கும் இந்த எல்லைகள் பொருந்தா. சில வாரங்களிலேயே வயிறு விரைந்து பெருத்து, முகமும் தோளும் மெலிந்தால் அது கொழுப்பாக இராது. வயிற்றில் நீர் கோத்திருக்கலாம். அப்போது டேப்பை வைத்துவிட்டு மருத்துவரிடம் வாருங்கள்.

மூன்று மாதம் கழித்து வந்தார். எடை 67. அதே புள்ளி, அதே டேப்: 89.5. இரண்டு செ.மீ. வரையிலான மாற்றத்தை அளவுப் பிழையாகவே கொள்வேன், இது இரண்டரை. குறைந்திருக்கிறது என்று துணிந்து சொல்லலாம் என்றேன். அவர் பையிலிருந்து தம் வீட்டு டேப்பை எடுத்தார். துணி டேப் இழுபடும் என்று முன்பு நான் சொல்லியிருந்ததால், ஆலையில் இருக்கும் எஃகு ஸ்கேலோடு ஒப்பிட்டுப் பார்த்தாராம், 100 செ.மீ.க்கு ஒன்றரை செ.மீ. நீண்டிருந்ததாம். “இதுல அளந்தா குறைச்சுத்தாங்க காட்டும்” என்று சொல்லிவிட்டு, எங்கள் டேப்பையும் ஒரு முறை ஸ்கேல் வைத்துப் பார்க்கச் சொன்னார். பார்த்தோம், சரியாக இருந்தது. அடுத்த குளுக்கோஸ் பரிசோதனை தை மாதம்.