பதினாறு ரூபாய் பெரிதா, பதினான்கு ரூபாய் பெரிதா?

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் வீட்டில் பழைய பேப்பர் போடும் பொறுப்பைக் கொடுத்தார்கள். ஆறு மாதத் தமிழ் நாளிதழ், ஒரு சாக்குத் தண்ணீர் பாட்டில், எட்டு ரோஸ்மில்க் கண்ணாடி பாட்டில். இது மதுரையில் நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். விலைகள் ஊருக்கு ஊர், வாரத்துக்கு வாரம் மாறும், கணக்கு மாறாது.

அவன் முதலில் விலை விசாரித்தான். தெருவில் வரும் வண்டிக்காரர் பேப்பர் கிலோ 16 ரூபாய் என்றார். தெருமுனைப் பழைய பேப்பர் கடையில் 14. இரண்டு கிலோமீட்டர் தள்ளி, மார்க்கெட் பக்கத்துக் கடையில் 15. இதோடு நின்றிருந்தால் வண்டிக்காரருக்கே போட்டிருப்பான். பெரும்பாலான வீடுகளில் நாம் செய்வதும் அதைத்தான்.

பையன் பத்து பேப்பரை எடுத்துப்போய் மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தான். 650 கிராம். நாளிதழ் அச்சடிக்கும் தாள் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 45 கிராம்தான் இருக்கும். அதனால் பதினாறு பக்கப் பேப்பர் ஒன்று 65 கிராம் வருவது சரியான கணக்குதான். ஆறு மாதத்துக்கு 180 பேப்பர் என்றால் 11 கிலோ 700 கிராம். விற்பதற்கு முன் இந்த எண் கையில் இருப்பது பெரிய பலம். இணைப்பிதழ்கள் இருந்தால் கூடும். ஆனால் குறையக் காரணமில்லை.

வண்டிக்காரர் கொக்கித் தராசில் கட்டுகளை மாட்டினார். மொத்தம் 9 கிலோ 400.

"அண்ணே, இந்த அரிசிப் பையையும் ஒருதடவை மாட்டிக் காட்டுங்களேன்" என்று பிரிக்காத ஐந்து கிலோ பாக்கெட்டை நீட்டினான். முள் நாலு கிலோவில் நின்றது.

"ஸ்பிரிங் பழசு தம்பி" என்றார் அவர்.

16 ரூபாய் வீதம் 9 கிலோ 400-க்கு 150 ரூபாய். அதை உண்மையான எடையால் வகுத்தால் கிலோவுக்கு 13 ரூபாய்கூடத் தேறவில்லை. தெருமுனைக் கடையின் மின்னணுத் தராசு 11 கிலோ 700-ஐ அப்படியே காட்டியது. 14 ரூபாய் வீதம் 164 ரூபாய். மார்க்கெட் கடையில் எடை சரி. ஆனால் கயிறு, ஈரம் என்று அரைக்கிலோ கழித்துவிட்டு 168 ரூபாய் என்றார்கள். நாலு ரூபாய்க்காக அவ்வளவு தூரம் சைக்கிள் மிதிக்கலாமா என்பது அவரவர் இஷ்டம்.

ஈரக் கழிவு எப்போதும் பொய்யல்ல. மழைக்காலத்தில் தரையில் கிடந்த பேப்பர் தண்ணீரைக் குடித்து எடை ஏறியிருக்கும். கடைக்காரர் அதற்கும் விலை கொடுக்க மாட்டார். நாம் காயவைத்துக் கொண்டுபோனால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆங்கிலப் பேப்பர் இருந்தால் தனிக்கட்டாகக் கட்டுவது நல்லது. வழக்கமாக அதற்கு விலை சற்றுக் கூடுதல். கலந்து போட்டால் எல்லாமே குறைந்த விலைக்குத்தான் போகும்.

பாட்டிலில் கணக்கு வேறு மாதிரி. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இருபது, இருபத்தைந்து கிராம்தான். ஒரு கிலோ சேர நாற்பதுக்கு மேல் வேண்டும். சாக்கு பெரிதாகத் தெரிந்தாலும் பையனிடம் இருந்தது ஒன்றரைக் கிலோகூட இல்லை. மூடியைக் கழற்றித் தனியாகக் கொடுக்கச் சொல்கிறார்களே, அதற்குக் காரணம் உண்டு. மூடி வேறு வகைப் பிளாஸ்டிக். வாளித் தண்ணீரில் போட்டால் மூடி மிதக்கும், பாட்டிலின் துண்டு மூழ்கும். இரண்டையும் சேர்த்து உருக்க முடியாது. பிரிக்கும் கூலியைக் கடைக்காரர் நம் விலையில்தான் பிடிப்பார்.

கண்ணாடி நேர்மாறு. எடை அதிகம், கிலோ விலை மிகக் குறைவு. எட்டு பாட்டிலும் மூன்று கிலோவைத் தாண்டின. தெருமுனையில் கிலோ 2 ரூபாய் என்று 6 ரூபாய்தான் வந்தது. மார்க்கெட் கடையில் எண்ணி வாங்கினார்கள்: ஒன்று ஒரு ரூபாய், ஆக 8. முழு பாட்டிலைக் கழுவி மறுபடி நிரப்பலாம். உடைந்தது உலைக்குத்தான் போகும். ஆகவே கண்ணாடிக்கு முதலில் கேட்க வேண்டியது "கிலோவா, எண்ணிக்கையா?" என்பது. வாய் உடைந்த பாட்டிலை மட்டும் எடைக்குத் தள்ளிவிடலாம்.

பையன் பேப்பரைத் தெருமுனையில் போட்டுவிட்டு, அந்தக் கடைக்காரரிடமே கேட்டான்: "வண்டிக்கார அண்ணன் வாங்குற பேப்பரை எங்கே போடுவாரு?"

"இங்கேதான். அவருக்கு 15 கொடுப்பேன். தினம் வர்றவராச்சே."

15-க்கு விற்கிறவர் வீட்டு வாசலில் 16 கொடுக்க முடியாது. மேலே சொன்ன விலையை எடையில் ஈடுகட்டினால்தான் அவருக்கு அன்றைய கூலி நிற்கும். வெயிலில் தெருத்தெருவாகத் தள்ளிக்கொண்டு வருகிறவருக்குக் கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய் மிஞ்சுவது நியாயம் என்றே நான் நினைக்கிறேன். அடுத்த முறை அவர் வந்தபோது பையன், "கிலோ 13-னே போடுங்கண்ணே, ஆனா மளிகைக் கடைத் தராசுல நிறுத்துக்கலாம்" என்றான். அவர் சரி என்றார்.