நியூட்ரான் எவ்வளவு தூரம் போகும்?

உலோகத்துக்குள் பாயும் நியூட்ரான் எந்த இடத்தில் ஓர் அணுக்கருவின் மீது மோதும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சராசரி மட்டுமே தெரியும். அணுகுண்டு ஆய்வுக்காக ஆயிரக்கணக்கான நியூட்ரான்களின் பாதையைக் கணக்கிட்டுப் பார்க்க விரும்பிய ஜான் வான் நாய்மன், 1947 மே மாதம் ஸ்டானிஸ்லாவ் உலாமுக்கு எழுதிய கடிதத்தில் அதற்கு ஒரு வழியை விளக்கினார்.

கணினி தருவது 0-க்கும் 1-க்கும் இடையே சீராகச் சிதறிய எண்களைத்தான். நியூட்ரான் போகும் தூரமோ அப்படிச் சீரானதல்ல. குறுகிய தூரங்கள் அதிகம், நீண்டவை அரிது. இந்த இரண்டையும் இணைப்பது குவிவுப் பரவல் சார்பு. ஒரு தூரத்துக்குள் மோதிவிடுவதற்கான வாய்ப்பு எவ்வளவு என்பதை அது சொல்லும். சராசரித் தூரம் 2 செ.மீ. என்று வைத்துக்கொண்டால்:

```
F(x) = 1 - exp(-x/2)
```

இதன்படி முதல் 2 செ.மீ.க்குள் மோதும் வாய்ப்பு 0.632, 4 செ.மீ.க்குள் 0.865. இப்போது கேள்வியைத் திருப்பிப் போடுவோம். சமவாய்ப்பு எண் u கிடைத்ததும், எந்தத் தூரத்தில் F அந்த u-வைத் தொடுகிறது என்று பார்ப்போம்:

```
x = -2 * log(1 - u)
```

இங்கே log இயல் மடக்கை. u = 0.1 என்றால் தூரம் 0.21 செ.மீ.; 0.5 என்றால் 1.39, 0.9 என்றால் 4.61.

இது ஏன் சரியாக வருகிறது? 0-க்கும் 0.632-க்கும் இடையே விழும் எண்கள் எல்லாம் முதல் 2 செ.மீ.க்குள் போய்ச் சேர்கின்றன. எண்கள் சீரானவை என்பதால் நூற்றுக்கு 63 அங்கேதான் விழும். அடுத்த 2 செ.மீ.க்குக் கிடைப்பது 0.632-லிருந்து 0.865 வரையிலான சிறு துண்டு. அதாவது நூற்றுக்கு 23. F செங்குத்தாக ஏறும் இடம் அதிக எண்களைப் பிடித்துக்கொள்கிறது, படுத்துக் கிடக்கும் இடம் குறைவாகப் பிடிக்கிறது. இந்த வாதத்தில் நியூட்ரானுக்கே உரியது எதுவுமில்லை. அதனால் எந்தப் பரவலுக்கும் இது பொருந்தும். மோதியபின் நியூட்ரான் சிதறுமா, உறிஞ்சப்படுமா என்று தீர்மானிக்கவும் இதே முறைதான். வளைகோட்டுக்குப் பதில் படிக்கட்டு இருக்கும்.

நடைமுறையில் இரண்டு சிக்கல்கள் உண்டு. இயல்நிலைப் பரவலின் நேர்மாறுக்கு எளிய வாய்பாடு கிடையாது. தோராயச் சூத்திரங்களை நம்பவேண்டும். R மென்பொருள் இயல்பாக அப்படித்தான் செய்கிறது.

இரண்டாவது சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது. சமவாய்ப்பு எண் 32 பிட் அளவே நுட்பமானது என்றால், 1 - u அடையக்கூடிய மிகச்சிறிய மதிப்பு ஏறத்தாழ 430 கோடியில் ஒரு பங்கு. அதற்குரிய தூரம் சுமார் 44 செ.மீ. அதைத் தாண்டி எந்த நியூட்ரானும் ஒரே பாய்ச்சலில் போகாது, எத்தனை முறை ஓட்டினாலும். 50 செ.மீ. தடுப்பை மோதாமலே கடந்து வருபவை எத்தனை என்று கேட்டால், விடை சுழியம் என்றே வரும். சராசரியைச் சோதித்தால் 2 செ.மீ. என்று சரியாகவே காட்டும். பிழை தெரியவேண்டுமானால் கிடைத்தவற்றுள் மிகப்பெரிய தூரங்களை மட்டும் தனியே எடுத்து, F சொல்வதோடு ஒப்பிடவேண்டும்.