பழைய கோப்பும் புதிய எழுத்தும்

1996-ஆம் ஆண்டின் நம் சங்க அறிக்கை, ‘வேர்ட் 6’ கோப்பாக அண்மையில் அகப்பட்டது. மறைந்த பெரியோர் பலரின் பெயர்கள் அதில் மட்டுமே உள்ளன.

இன்றைய வேர்ட் அதைத் திறக்க மறுத்தது. பாதுகாப்புக் கருதி அது பழைய வடிவங்களைத் தடுப்பதுண்டு. மூலத்துக்குப் பிரதி எடுத்துக்கொண்டு, லிப்ரே ஆபீசில் திறந்து .docx ஆகச் சேமித்தோம். ஆயினும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றின. அக்காலத்தில் தமிழ் வடிவம் எழுத்துருவில் மட்டுமே இருந்தது. கோப்பில் பதிந்தவை வேறு குறிகள்.

எழுத்துருவின் பெயரைப் பெட்டியில் பார்த்து, அதற்குரிய மாற்றியால் யூனிகோடாக்கினோம். முழுப் பக்கத்தையும் மாற்றினால் ஆங்கிலச் சொற்கள் சிதையும். ஆகவே தமிழ்ப் பகுதிகளை மட்டுமே தேர்ந்தோம். ‘கொ’, ‘கோ’ போன்ற கொம்பு எழுத்துகளில் பிழை நேரலாம். சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் வரிவரியாகப் படித்துச் சரிபார்த்த பின்னரே, அப்பெயர்களைப் புதிய ஏட்டில் சேர்த்தோம்.