கடைக் கணக்கு – 7: நோட்டில் ஒரு தொகை, பேங்க்கில் ஒரு தொகை

மளிகைக் கடை அண்ணாச்சி ஒருவர் மார்ச் 31 ராத்திரி கேஷ் புக்கை முடிக்கிறார். அதன்படி பேங்க் இருப்பு 1,48,200 ரூபாய். அதே தேதிக்கு கரன்ட் அக்கவுன்ட் ஸ்டேட்மென்ட் காட்டும் இருப்பு 1,70,764. “22,564 ரூபாய் கூடத்தானே இருக்கு, நல்லதுதானே சார்?” என்கிறார்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் வங்கிச் சரிகட்டும் பட்டியல். ஆடிட்டர்கள் சுருக்கமாக பி.ஆர்.எஸ். என்பார்கள். போடும் முறை எளிது. கேஷ் புக்கையும் ஸ்டேட்மென்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் உள்ள வரிகளுக்கு பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே போக வேண்டும். போன மாதப் பட்டியலில் பாக்கி நின்றவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கடைசியில் டிக் விழாமல் நிற்கும் வரிகள்தான் வித்தியாசத்துக்குக் காரணம்.

அண்ணாச்சிக்கு நாலு வரி நின்றன.

அரிசி மண்டிக்கு 29ஆம் தேதி 36,000 ரூபாய்க்கு செக் கொடுத்தார். கொடுத்த அன்றே நோட்டில் கழித்துவிட்டார். மண்டிக்காரர் அதை இன்னும் பேங்க்கில் போடவில்லை. அதனால் ஸ்டேட்மென்ட்டில் அந்தப் பணம் அப்படியே இருக்கிறது.

விடுதி ஒன்று தந்த 22,500 ரூபாய் செக்கை 31ஆம் தேதி சாயங்காலம் பேங்க் பெட்டியில் போட்டு, நோட்டில் வரவு வைத்தார். ஏப்ரல் 1 பேங்க்குகளுக்கு ஆண்டுக் கணக்கு விடுமுறை. அந்தப் பணம் அதற்குப் பிறகுதான் ஏறும்.

மெஸ்காரர் ஒருவர் பாக்கி 8,400 ரூபாயை நேராக அக்கவுன்ட்டுக்கு அனுப்பியிருக்கிறார். அண்ணாச்சி நோட்டில் அது இல்லை.

சர்வீஸ் சார்ஜ் 200, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 36, ஆக 236 ரூபாயை பேங்க் பிடித்திருக்கிறது. அதுவும் நோட்டில் இல்லை.

இப்போது கூட்டிப் பார்ப்போம். நோட்டு இருப்பு 1,48,200. பேங்க்கில் இன்னும் கழியாத 36,000, நோட்டில் ஏறாத 8,400 இரண்டையும் கூட்டினால் 1,92,600. பேங்க்கில் ஏறாத 22,500, பிடித்த 236 இரண்டையும் கழித்தால் 1,69,864. ஸ்டேட்மென்ட்டில் இருப்பதோ 1,70,764. இன்னும் 900 ரூபாய் இடிக்கிறது.

900 ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடும். இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். வேறு காரணத்தாலும் அப்படி வரலாம் என்றாலும், முதலில் தேட வேண்டியது இதைத்தான். தேடினால், அவசரத்தில் டிக் அடித்த ஒரு வரி அகப்பட்டது. எண்ணெய் வியாபாரிக்குக் கொடுத்த செக் 4,560. நோட்டில் எழுதியது 5,460. அந்த 900ஐக் கூட்டினால் 1,70,764. கணக்கு நேர்.

நேரானதும் நோட்டை மூடிவிடக் கூடாது. இந்த ஐந்தும் இரண்டு வகை. மெஸ்காரர் பணம், பேங்க் சார்ஜ், இலக்கப் பிழை மூன்றும் நோட்டின் குறை. உடனே எழுதித் திருத்த வேண்டும். மெஸ்காரர் பணத்தை அவர் பற்றிலும் கழிக்க வேண்டும். இல்லையென்றால் கொடுத்த பாக்கியையே மறுபடி கேட்போம். இரண்டு செக்குகளும் வெறும் நாள் கணக்கு. அவற்றுக்கு நோட்டில் எதுவும் எழுத வேண்டாம், கண் வைத்திருந்தால் போதும்.

திருத்திய பிறகு நோட்டு இருப்பு 1,57,264. ஸ்டேட்மென்ட் தொகையில் 36,000 கழித்து 22,500 கூட்டினாலும் அதே 1,57,264. அண்ணாச்சியின் பணம் இவ்வளவுதான். அதிலும் விடுதி செக் பாஸாகும்வரை 22,500ஐ நம்ப முடியாது. கைக்கு உதவுவது 1,34,764. ஸ்டேட்மென்ட்டைப் பார்த்து 1,50,000க்கு செக் கிழித்திருந்தால், மண்டிக்காரர் செக் முந்திக்கொண்ட நாளில் அது திரும்பியிருக்கும்.

கண் வைப்பது எதற்கு? போட்ட செக் இரண்டு மூன்று வேலை நாளில் ஏறவில்லை என்றால் திரும்பியிருக்கலாம். திரும்பிய தகவல் பேங்க்கிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பினால்தான் மாற்றுமுறை ஆவணச் சட்டப் பிரிவு 138ன்கீழ் வழக்குப் போட வழி உண்டு. மாதக் கணக்கில் ஸ்டேட்மென்ட்டைத் திறக்காதவருக்கு அந்தக் கெடு தெரியாமலே போய்விடும். அதேபோல, நாம் கொடுத்த செக்கை அதில் போட்ட தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் போடாவிட்டால் அது செல்லாது. செக்தான் செல்லாது, கடன் அப்படியே நிற்கும். நோட்டில் அந்தச் செக்கை ரத்து செய்து, மண்டிக்காரருக்குத் தர வேண்டிய பாக்கியாகத் திரும்ப எழுத வேண்டும்.

ஒன்றை மட்டும் இந்தப் பட்டியல் காட்டாது. கல்லாவில் வாங்கி, நோட்டிலும் எழுதாமல், பேங்க்கிலும் கட்டாத பணம் இரண்டு பக்கமும் இல்லாததால் டிக்கில் அகப்படாது. அதைப் பிடிக்க கல்லா இருப்பை எண்ண வேண்டும். அது அடுத்த வாரம்.