தேடல் விளம்பரம் தேடாதவரிடம் போனால்

கூகுளில் தேடல் விளம்பரம் தொடங்கும்போது அமைப்புகளில் Networks என்ற பகுதியில் இரண்டு டிக் பெட்டிகள் வரும். பெரும்பாலும் இரண்டுமே முன்கூட்டியே டிக் செய்யப்பட்டிருக்கும். முதலாவது, கூகுளின் தேடல் வசதியைப் பயன்படுத்தும் பிற தளங்களுக்கும் விளம்பரத்தை அனுப்புகிறது. இரண்டாவதோ, தேடலில் செலவாகாமல் மிஞ்சும் பட்ஜெட்டை செய்தித் தளங்கள், செயலிகள், வீடியோக்களுக்கு இடையே காட்டும் டிஸ்ப்ளே விளம்பரங்களுக்குத் திருப்புகிறது. அங்கே இருப்பவர் எதையும் தேடவில்லை. விளையாட்டுச் செயலியில் விரல் தவறிப் பட்டாலும் அது ஒரு கிளிக்தான்.

உதாரணத்துக்கு, தண்ணீர் சுத்திகரிப்பான் பழுதுபார்க்கும் கடை ஒன்று மாதம் 30,000 ரூபாய் செலவிடுகிறது என்று கொள்வோம். அறிக்கையில் Segment பட்டியலில் Network (with search partners) என்பதைத் தேர்ந்தெடுத்தால் செலவு பிரிந்து தெரியும். கூகுள் தேடலில் 20,000 ரூபாய்க்கு 40 அழைப்புகள், கூட்டாளித் தளங்களில் 4,000 ரூபாய்க்கு 8. இரண்டிலும் அழைப்புக்கு 500 ரூபாய். டிஸ்ப்ளேயில் 6,000 ரூபாய்க்கு 2 அழைப்புகள், அதாவது ஒன்றுக்கு 3,000.

இந்தக் கடை டிஸ்ப்ளேயை நிறுத்துவதே சரி. கூட்டாளித் தளங்களைக் கைவிடக் காரணமில்லை. கிளிக் விகிதம் குறைவாக இருப்பதைப் பார்த்து அவசரப்பட்டு அணைப்பவர்கள், நல்ல வாடிக்கையாளர்களையும் இழக்கிறார்கள்.

நிறுத்தியதும் அழைப்புகள் கூடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். டிஸ்ப்ளேக்குப் போனது மிச்சப் பணம் என்பதால், பெரும்பாலும் செலவுதான் குறையும்.